"பேசாதீங்க, காலை இறக்குங்க": பிபி பார்க்கும்போது நடக்கும் தப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிபி பார்க்கும் அறையில் செவிலியராக 20 வருடங்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் அதிகம் சொல்வது "பேசாதீங்க". அதற்கு அடுத்தது "காலை இறக்குங்க". ஏன் என்று திருப்பிக் கேட்கிறவர்களுக்கு, வெளியே வரிசை நிற்கிற அவசரத்தில் முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே கீழே வைத்து, அப்போது சொல்ல முடியாமல் போனதை எழுதியிருக்கிறேன். நான் 'புள்ளி' என்று எழுதுவதெல்லாம் மி.மீ. பாதரசம். மேல் பிரஷர் என்பது மிஷின் திரையில் SYS என்று வருவது, கீழ் பிரஷர் DIA என்று வருவது.

"பேசினா பிபி ஏறுமா சிஸ்டர், இல்ல சும்மா மிரட்டுறீங்களா?"

ஏறும். மேல் பிரஷரில் சராசரியாக 10 புள்ளி என்று சொல்வது வழக்கம். ஆனால் ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். இதுவரை நடந்த ஆய்வுகளில் கிடைத்த விடைகளே சுமார் 4 புள்ளியிலிருந்து 19 புள்ளி வரை பரந்து கிடக்கின்றன. ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு உள்ளவர்களிடம் ஏற்றம் அதிகம். அவர்களை வைத்து பிரான்சில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பேசும்போது மேல் பிரஷர் 17 புள்ளியும் கீழ் பிரஷர் 13 புள்ளியும் ஏறியது. அதே ஆட்கள் ஒரு தாளைச் சத்தமாக வாசித்தபோது அவ்வளவு ஏறவில்லை.

வாயும் தொண்டையும் வேலை செய்வதால் மட்டும் ஏறுகிறது என்றால், வாசித்தாலும் பேசினாலும் ஒன்றாகத்தானே ஏற வேண்டும்? இன்னொரு மனிதரிடம் நம்மைப் பற்றிச் சொல்லும்போது மனம் விழித்துக்கொள்கிறது, நரம்பு மண்டலம் இதயத்தை வேகப்படுத்துகிறது, ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. மூச்சின் தாளமும் மாறுகிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் லிஞ்ச் என்பவரின் குழு 1980களில் இதை விடாமல் துருவியது. காது கேளாதவர்கள் சைகை மொழியில் பேசும்போதும் பிபி ஏறுகிறது என்று அவர்கள் கண்டார்கள். குரலே இல்லை, ஆனாலும் ஏறியது.

என் அறையில் நான் பார்ப்பதும் இதுதான். பஸ் நேரம் பற்றிச் சொல்லும்போது ஏறுவதைவிட, மருமகளைப் பற்றியோ நகைக்கடன் பற்றியோ சொல்லும்போது அதிகம் ஏறுகிறது.

"டாக்டர் கேள்வி கேட்டா பதில் சொல்லாம எப்படி இருக்கிறது?"

பட்டை உப்ப ஆரம்பித்த பிறகு யார் கேட்டாலும், கையைக் காட்டி "முடியட்டும்" என்று சைகை செய்யுங்கள். மிஷின் ஒரு தடவை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உண்மையில் இந்தத் தப்பை நோயாளியைவிட நாங்கள்தான் அதிகம் செய்கிறோம். பட்டையைக் கட்டிவிட்டு, நேரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா, உப்பு குறைச்சீங்களா" என்று கேட்போம். மாத்திரை போடாதவருக்கு அந்தக் கேள்வியே போதும், பிபி ஏற.

"நான் பேசல, போன்ல வீடியோதான் பார்த்தேன். அது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். காது கொடுத்துக் கேட்பதும், அடுத்து என்ன என்று எதிர்பார்ப்பதும் ஓய்வு ஆகாது. பக்கத்தில் இருவர் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பவரும் இதே கணக்கில்தான் வருவார். போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள்.

"பாத்ரூம் போகாம அடக்கிக்கிட்டு பார்த்தா எவ்வளவு காட்டும்?"

பொதுவாகச் சொல்லும் கணக்கு மேல் பிரஷரில் 10 புள்ளி. ஆனால் இது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கொரியாவில் நடுத்தர வயதுப் பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்றில், குறைந்தது 3 மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தபோது எடுத்ததையும் போன பிறகு எடுத்ததையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் மேலே 4 புள்ளி சொச்சம், கீழே 3 புள்ளிக்கும் குறைவு. அதாவது "போகணும் போல இருக்கு" என்ற நிலையில் ஏற்றம் சின்னது. கால் ஆட்டிக்கொண்டு பல்லைக் கடிக்கிற நிலைக்கு வந்துவிட்டால் 10ஐத் தாண்டவும் செய்யும்.

சிறுநீர்ப்பை விரிந்து அதன் சுவர் இழுபடும்போது அங்கிருந்து சேதி தண்டுவடத்துக்குப் போகிறது, பதிலாக உடம்பு முழுவதும் உள்ள சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ஸ்வீடனில் 1989இல் இளைஞர்களின் கால் நரம்புக்குள் மெல்லிய ஊசி மின்முனையைச் செருகி, சிறுநீர்ப்பை நிறைய நிறைய அந்த நரம்பின் துடிப்பு அதிகமாவதை நேரடியாகவே பதிவு செய்தார்கள். கூடவே பிபியும் ஏறியது.

நம் ஊரில் இந்தத் தப்புக்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. காலை 6 மணி பஸ்ஸைப் பிடித்து வரும் அம்மாக்கள், பஸ் ஸ்டாண்டு கழிவறைக்குப் போக மனமில்லாமல் மூன்று மணி நேரம் அடக்கியபடியே வந்து வரிசையில் நிற்பார்கள். இன்னும் சிலர், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பயணத்தில் தொல்லை வேண்டாம் என்று செக்கப் நாளில் மட்டும் அந்த மாத்திரையை விட்டுவிடுவார்கள். அன்றைக்கு எடுத்த பிபி, அவர்களின் மாத்திரை வேலை செய்கிறதா என்பதைக் காட்டாது. மாத்திரையை விட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்கள் "இப்போதான் போயிட்டு வந்தேன்" என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் பை முழுதாகக் காலியாவதில்லை. போய் வந்த பிறகும் அடிவயிறு கனமாக இருக்கிறது என்று சொன்னால் அதையும் பிபி சீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தண்டுவடத்தில் அடிபட்டு, நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லாமல் போனவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்தால் பிபி ஆபத்தான அளவுக்குத் திடீரென்று தாவக்கூடும், கூடவே மண்டையைப் பிளக்கும் தலைவலியும் முகம் சிவந்து வியர்ப்பதும் வரும். அதை அளவெடுக்கும் தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. உடனே உட்கார வைத்து, சிறுநீர் ட்யூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம் அது.

"அப்போ காலையிலேர்ந்து தண்ணியே குடிக்காம வந்துடவா?"

வேண்டவே வேண்டாம். குடியுங்கள், போய்விட்டு வாருங்கள், வந்து ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

"கால் மேல கால் போட்டா மரியாதை இல்லைன்னுதானே இறக்கச் சொல்றீங்க?"

இதைக் கேட்டவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் உண்மையிலேயே கோபப்பட்டார். மரியாதைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முழங்காலுக்கு மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்தால் மேல் பிரஷர் 2 முதல் 8 புள்ளி வரை கூடும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சில ஆய்வுகளில் அதைவிட அதிகமாகவும் வந்திருக்கிறது. பேச்சைப் போல மனம் சம்பந்தப்பட்டதில்லை இது. தொடையும் கெண்டைக்காலும் ஒன்றை ஒன்று அழுத்தும்போது, காலில் தேங்கி நிற்கும் ரத்தம் பிழியப்பட்டு மார்புப் பக்கம் ஏறுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடுகிறது, அது வெளியே தள்ளுவதும் கூடுகிறது.

எந்த இடத்தில் கால் குறுக்கே போகிறது என்பது முக்கியம். நெதர்லாந்தில் 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தது. முழங்காலில் குறுக்கே போட்டபோது பிபி ஏறியது, கணுக்காலில் மட்டும் பின்னிக்கொண்டபோது ஏறவில்லை. ஆகவே நாற்காலிக்கு அடியில் பாதங்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்த ஒருவரின் பிபி 150 என்று வந்தால், "காலால்தான் வந்தது" என்று சமாதானம் சொல்ல முடியாது. இருந்தாலும் பாதம் இரண்டையும் தரையில் பதியவே சொல்கிறேன். பின்னிய கால் எப்போது முழங்காலுக்கு ஏறும் என்று சொல்ல முடியாதே.

ஒரு ஆறுதல்: காலை இறக்கிய சில நிமிடங்களில் இந்த ஏற்றம் போய்விடும். திரும்ப எடுத்தால் போதும்.

"நாங்க வீட்ல தரையில சம்மணம் போட்டுத்தான் உக்காருவோம். அதுவும் கால் மேல் காலா?"

இல்லை, அது வேறு. சம்மணத்தில் தொடை தொடையை நெருக்குவதில்லை. ஆனால் 140/90, வீட்டில் 135/85 என்ற எல்லைக்கோடுகள் எல்லாம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தவர்களிடம் எடுத்த அளவுகளிலிருந்து வந்தவை. தரையில் எடுத்த எண்ணை அந்தக் கோட்டோடு ஒப்பிடுவது, செருப்போடு உயரம் அளந்துவிட்டு வெறுங்கால் அட்டவணையைப் பார்ப்பது போல. அப்புறம் தரையில் உட்காரும்போது முதுகுக்குச் சுவர் இருந்தாலும் கைக்கு மேசை இருக்காது. கை தொடைமேல் கிடக்கும். அது தனியாக ஒரு தப்பு, பின்னால் வருகிறேன். முட்டி மடக்க முடிகிற வரையில் பிபிக்கு மட்டும் நாற்காலிக்கு வாருங்கள்.

"ஸ்டூல்ல உக்கார வெச்சு எடுக்குறாங்களே, அது தப்பா?"

தப்புதான், நாங்களே தினமும் செய்யும் தப்பு. இடம் இல்லை, ஸ்டூல் என்றால் ஆள் சீக்கிரம் எழுந்து போவார். முதுகு சாயாமல், கால் ஊன்றாமல் உட்கார்ந்தால் 6.5 புள்ளி கூடும் என்று போடப்படும் எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1990இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், முதுகுக்குச் சாய்வில்லாமல் உட்கார்ந்தவர்களையும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். அதில் 6.5 புள்ளி கூடியது கீழ் பிரஷர். பிறகு அந்த எண் சுவரொட்டிகளுக்கு வந்தபோது எந்தப் பிரஷர் என்பது கழன்றுவிட்டது. படிக்கிறவர்கள் எல்லாரும் மேல் பிரஷர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

கீழ் பிரஷர் ஏறுவது புரிந்துகொள்ளக்கூடியதுதான். சாய்வு இல்லாதபோது முதுகும் வயிறும் இறுகி உடம்பை நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் தசை வேலை எதுவானாலும் ரத்தக்குழாய்களின் எதிர்ப்பைக் கூட்டும். ஒரு குடம் தண்ணீரைக் கை நீட்டிப் பிடித்திருப்பதன் சின்ன வடிவம்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று, கால் தொங்குவது. பரிசோதனைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தால் முதுகும் சாயாது, பாதமும் தரையில் படாது. உயரம் குறைவான பெண்களுக்குச் சாதாரண நாற்காலியிலேயே குதிகால் தொங்கும், அவர்கள் நுனிக்கு நகர்ந்து உட்காருவார்கள், உடனே முதுகு சாய்வை விட்டு விலகிவிடும். காலடியில் ஒரு மணையோ, இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரியோ போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் சரியாகும். எங்கள் அறையில் ஒரு மரப்பலகை இருக்கிறது. அதை எடுத்துப் போட எனக்கு ஐந்து வினாடி ஆகும், ஆனாலும் நெரிசல் நாளில் விட்டுவிடுகிறேன் என்பதை மறைக்க மாட்டேன்.

"பேச்சுக்கு 10, பாத்ரூமுக்கு 10, காலுக்கு 5, முதுகுக்கு 6. மொத்தம் 31. எனக்கு 164 வந்துச்சு, 31 கழிச்சா 133. அப்போ எனக்கு பிபி இல்லதானே?"

இந்தக் கணக்கை வாரம் ஒருவராவது போட்டுக்கொண்டு வருகிறார். இந்தக் கேள்வியைக் கேட்டவர் 61 வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏற்கெனவே அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை 5 மி.கி. சாப்பிடுகிறார். அன்றைக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஒன்றரை மணி நேரப் பயணம், வந்ததும் வரிசை, வரிசை முடிந்ததும் ஸ்டூல். கால் மேல் கால். மனைவி பக்கத்தில் நின்று ரேஷன் கார்டு பற்றிக் கேட்க, இவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். 164/96. அன்று அறையில் கூட்டம் குறைவு, எனக்கும் நேரம் இருந்தது. முதலில் கழிவறைக்கு அனுப்பினேன். வந்ததும் சாய்வு நாற்காலி, பாதம் தரையில், கை மேசையில் தலையணைமேல். மனைவியை வெளியே உட்காரச் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து 148/88. ஒரு நிமிடம் விட்டு 144/86. இன்னொரு நிமிடம் விட்டு 142/86. கடைசி இரண்டின் சராசரி 143/86.

இறங்கியது 21 புள்ளி, 31 இல்லை. தப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்கல் போல அடுக்கப்படுவதில்லை. பேச்சும் அடக்கியிருப்பதும் ஒரே நரம்பு வழியாகத்தான் ரத்தக்குழாயை இறுக்குகின்றன, ஏற்கெனவே இறுகியதை மறுபடி அதே அளவு இறுக்க முடியாது. தவிர, இறங்கிய 21இல் எவ்வளவு கழிவறையால், எவ்வளவு வெறும் ஓய்வால் என்று எனக்கே தெரியாது. யாராலும் பிரித்துச் சொல்லவும் முடியாது. மிஷின் இரண்டாம் மூன்றாம் தடவையில் குறைவாகக் காட்டுவது பெரும்பாலானவர்களுக்கு இயல்பு, அதுவும் இதில் கலந்திருக்கிறது.

பேச்சுக்கு 10, காலுக்கு 5 என்று சொல்லப்படும் எண்கள் கூட்டத்தின் சராசரிகள். பேசினால் ஒருவருக்கு 3 ஏறும், இன்னொருவருக்கு 22 ஏறும், சராசரி 10 என்று போடுவார்கள். உங்களுக்கு எது என்று அந்த எண் சொல்லாது. அதனால் தப்பாக எடுத்த அளவைக் கழித்துச் சரிசெய்யும் வழி கிடையாது, சரியாகத் திரும்ப எடுப்பது ஒன்றுதான் வழி.

இவர் விஷயத்தில் என்ன ஆனது? 143 என்பதும் 140க்கு மேல்தான், ஆகவே "பிபி இல்லை" என்பது பொய். ஆனால் 164ஐப் பார்த்திருந்தால் மாத்திரையை 10 மி.கி. ஆக்கியிருப்பார்கள். 143ஐப் பார்த்த டாக்டர் மாத்திரையைத் தொடாமல், ஒரு வாரம் வீட்டில் எடுத்து எழுதி வரச் சொன்னார். வீட்டுச் சராசரி 136/84 வந்தது. வீட்டு எல்லையான 135ஐ ஒட்டிய அளவு. அளவு மாற்றாமல் உப்பைக் குறைக்கச் சொல்லி, ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பினார்.

"வீட்ல நானே சோதிச்சுப் பார்த்தேன். கால் போட்டாலும் போடாட்டியும் ஒரே மாதிரிதான் காட்டுது."

சோதித்தது நல்லது. எப்படிச் சோதித்தீர்கள் என்பதில்தான் சிக்கல். நிறையப் பேர் முதலில் சரியாக உட்கார்ந்து எடுப்பார்கள், அப்புறம் கால் போட்டு எடுப்பார்கள். அடுத்தடுத்து எடுக்கும்போது அளவு தானாகவே சரிகிறது என்று சொன்னேன் அல்லவா? கால் ஏற்றியதை அந்தச் சரிவு விழுங்கிவிடும். மாற்றி, தப்பை முதலில் செய்து சரியானதை அப்புறம் எடுத்தால், ஏற்றம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஆகவே மூன்றாக எடுங்கள்: சரி, தப்பு, மறுபடி சரி. நடுவில் இரண்டு நிமிடம் விடுங்கள். நடுவில் உள்ளதை, இரண்டு பக்கத்து எண்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். நான் என் கையிலேயே செய்தேன். முதலில் 124, பக்கத்து வீட்டு அக்காவோடு தண்ணீர் லாரி பற்றிப் பேசிக்கொண்டே எடுத்தபோது 135, மறுபடி மௌனமாக 120. சராசரி 122, பேச்சுக்கு 13 புள்ளி. கால் மேல் கால் போட்டுச் செய்தபோது 3 புள்ளிதான் வந்தது, அதை நான் நம்பவும் இல்லை. எதையும் மாற்றாமல் அடுத்தடுத்து எடுத்தாலே 4, 5 புள்ளி வித்தியாசம் வருவது சகஜம். சின்ன ஏற்றத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் நாலைந்து நாள் இதே மாதிரி செய்து சராசரி பார்க்க வேண்டும். அந்த அளவுக்குப் பொறுமை எனக்கு இல்லை.

"இந்த நாலும் சரியா பண்ணியும் அதிகமா காட்டுதே?"

கை எங்கே இருந்தது? என்னைக் கேட்டால் காலைவிடக் கைதான் பெரிய எதிரி. ஏனென்றால் கால் விஷயத்தில் உடம்பின் பதில் ஆளுக்கு ஆள் மாறும், கை விஷயத்தில் வெறும் பௌதிகம். பட்டை இதயத்தின் மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே இருந்தால், அந்த உயர ரத்தத் தூணின் எடையும் சேர்ந்து கிட்டத்தட்ட 8 புள்ளி கூடும். 5 செ.மீ. என்றால் 4 புள்ளி. யாருக்கும் விலக்கு கிடையாது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 133 பேரிடம் மூன்று விதமாகக் கையை வைத்துப் பார்த்து 2024இல் வெளியிட்டது. மேசையில் வைத்ததோடு ஒப்பிட்டால், மடிமேல் வைத்தபோது மேல் பிரஷர் சுமார் 4 புள்ளி அதிகம், பக்கத்தில் தொங்கவிட்டபோது 6.5 புள்ளி அதிகம். ஸ்டூலில் உட்கார்ந்தவருக்கு மடியைத் தவிர கைக்கு வேறு இடம் ஏது? எனவே ஸ்டூல் என்றாலே முதுகுத் தப்பும் கைத் தப்பும் சேர்ந்து வரும்.

வீட்டில் சரிசெய்வது எளிது. பட்டையின் நடுப்பகுதி மார்பெலும்பின் நடுவுக்கு நேராக வர வேண்டும். நம் சாப்பாட்டு மேசைகள் பலருக்குத் தாழ்வு, ஒரு தலையணையை மடித்து முழங்கைக்குக் கீழே வைத்தால் வந்துவிடும். கையை நீங்களே தூக்கிப் பிடித்தால் தசை வேலை செய்யும், அது முதுகுத் தப்பின் தங்கச்சி. பெண்களுக்கு இன்னொன்று: இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டி ஏற்றினால் அது கயிறு போலக் கையை இறுக்கும். அன்றைக்குத் தளர்வான கை வைத்ததாகப் போட்டு வாருங்கள்.

"தப்பா எடுத்தா கம்மியா காட்டவும் வாய்ப்பு இருக்கா?"

உண்டு, அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் குறைவான எண்ணைத் திரும்ப எடுக்கச் சொல்லி எவரும் கேட்பதில்லை. கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தால் குறையும். ஒல்லியான கையில் பெரிய பட்டையைச் சுற்றினால் குறையும். நல்ல சாப்பாடு சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வயதானவர்களுக்கு இறங்கியிருக்கும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் மட்டும் நேர் எதிர், நிறையக் கூட்டிக் காட்டும். பட்டையில் அச்சடித்திருக்கும் செ.மீ. அளவுக்குள் உங்கள் மேல்கையின் சுற்றளவு வருகிறதா என்று டேப் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

"இப்படித் தப்பா எடுத்துத்தான் எனக்கு மாத்திரை ஆரம்பிச்சிருப்பாங்க. நிறுத்திடவா?"

நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சரியாக எடுத்து 125 வந்தால், மாத்திரையால் 125ஆ, மாத்திரை இல்லாமலே 125ஆ என்று அந்த ஒரு எண்ணிலிருந்து தெரியாது. மாத்திரையைத் தொடர்ந்தபடியே ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பீடி, நடை எதுவும் வேண்டாம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியைச் சராசரி போட்டு, அந்தத் தாளைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். எண்களில் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எழுதாதீர்கள், மிஷினின் நினைவகத்தில் எல்லாம் இருக்கும், நாங்கள் பார்ப்போம்.

180/120க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், பார்வை மங்கல் என்று எதுவும் இருந்தால் காலை இறக்கினேனா என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108க்கு அழையுங்கள். அப்படி எந்தத் தொல்லையும் இல்லாமல் எண் மட்டும் அதிகம் என்றால், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி எடுங்கள். அப்போதும் அதே அளவு என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

"எங்கப்பா வாயை மூடவே மாட்டார் சிஸ்டர். என்னதான் பண்றது?"

அவரைத் தனியாக விட்டுவிடுங்கள். பேச ஆள் இருந்தால்தானே பேசுவார். பட்டையைச் சரியாகக் கட்டி, கையைத் தலையணைமேல் வைத்து, "ஐந்து நிமிடம் கழித்து இந்தப் பொத்தானை அமுக்குங்கப்பா, திரையில் இருக்கிறதை நான் வந்து எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அறைக்கு வெளியே போய்விடுங்கள். சில மிஷின்களில் ஒரு தடவை அமுக்கினால் இடைவெளி விட்டு மூன்று தடவை தானே எடுத்து, சராசரியும் காட்டும். இப்படிப்பட்டவர்களுக்கு அது நல்ல வசதி. போகும்போது ரேடியோவை அணைத்துவிட்டுப் போங்கள், செய்தி வாசிப்பவருக்கும் பதில் சொல்கிற அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.